நன்றியும் நடுவுநிலைமையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் விழாக் குழுவினர் நினைத்திருந்தார்கள். நான் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். வைத்தியசாலை வேலையோடு, அரசாங்க உத்தியோகத்தர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்கு வளவாளராகவும் சில வருடங்களாகப் போய்வருகிறேன். புதிதாக நியமனம் பெற்ற முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள், சில வேளைகளில் எங்கள் சுகாதாரத் துறையினர் என்று கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய் எல்லா இடங்களிலும் இருந்து வருவார்கள். எனக்குத் தரப்படுவது ஒன்றரை மணித்தியாலம். நேரசூசியில் 'பொது வாழ்க்கையின் ஒழுக்கக் கோட்பாடுகள்' என்று போட்டிருக்கும். பெரும்பாலும் மதியச் சோற்றுக்குப் பிறகுதான். யார் அந்த நேரத்தை ஒதுக்குகிறார்களோ தெரியாது, ஒழுக்கத்தைக் கேட்டு நித்திரை கொள்ளட்டும் என்று நினைக்கிறார்கள் போலும்.

இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். மற்றப் பாதிப்பேர் அவர்களுடைய சொந்தக்காரரும் சிநேகிதிகளும். அதனால்தான் இந்த விடயத்தை இங்கே கொண்டு வந்தேன்.

அந்த வகுப்புகளில் முதற் படமாகத் திரையில் விழுவது ஏழு சொற்கள். தன்னலமின்மை, நேர்மை, பக்கச்சார்பின்மை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மையுடைமை, தலைமைத்துவம். இவை நமது நாட்டில் பிறந்தவை அல்ல. 1994இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட உறுப்பினர்களைப் பற்றிய செய்தி வெளியாகிப் பெரிய அமளி நடந்தது. அப்போதைய பிரதமர் ஜோன் மேஜர், நோலன் பிரபு என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். அந்தக் குழு 1995இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்தவைதான் இந்த ஏழும். பிறகு உலகத்தில் பல நாடுகள் இவற்றை எடுத்துக்கொண்டன. எங்கள் பயிற்சிக் கையேடுகளிலும் அவை வந்து சேர்ந்தன. பங்குபற்றுநர்கள் ஏழையும் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கேட்டால் மூன்று ஞாபகம் இருக்கும்.

நான் ஏழையும் படிப்பிப்பதில்லை. இரண்டாவது சொல்லில் மட்டும் நிற்பேன். ஆங்கிலத்தில் 'இன்டெக்ரிட்டி', 'ஒனெஸ்டி' என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழ்க் கையேடுகளில் இரண்டுக்கும் 'நேர்மை' என்றே வந்துவிடுவதுண்டு. வாசிக்கிறவர், 'நான் நேர்மையான ஆள்தானே, களவெடுக்கிறதில்லைத்தானே' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஆனால் நோலன் குழு அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதிய விளக்கம் குணத்தைப் பற்றியதே அல்ல. பொதுப் பதவியில் இருப்பவர் தமது கடமையில் செல்வாக்குச் செலுத்தக்கூடிய வெளியாருக்குப் பணத்தாலோ வேறு எதனாலோ கடமைப்பட்டவராக ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே வகுப்பில் நான் அதற்குக் 'கடன்படாமை' என்று பெயர் வைத்திருக்கிறேன். அகராதிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விளங்குகிறதா இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. 1995இல் 'ஒனெஸ்டி' என்பதற்கு உண்மை பேசுதல் என்று மட்டும் பொருள் சொல்லப்படவில்லை. தனது சொந்த நலன் ஏதாவது கடமையோடு முட்டுமானால் அதை முன்கூட்டியே அறிவித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அங்கே சொல்லப்பட்டிருந்தது. 2013இல் விளக்கங்களைத் திருத்தியபோது அந்த அறிவிக்கும் கடமையை எடுத்துக் 'கடன்படாமை'யோடு சேர்த்துவிட்டார்கள். தனக்கோ குடும்பத்துக்கோ சிநேகிதருக்கோ இலாபம் தேடி முடிவெடுக்கக் கூடாது என்பதும் தன்னலமின்மையின் கீழ் இருந்து இங்கேதான் வந்தது. எனக்கு அந்த மாற்றம் சரியென்றே படுகிறது. கடன்படாதே, பட்டிருந்தால் சொல், சொன்னபின் விலகு என்ற மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியும்.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு உண்மையான சங்கடம் தொடங்குகிறது. எங்கள் வளர்ப்பில் நன்றி மறத்தலைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஒருவர் செய்த உதவியைத் திருப்பிச் செய்யாதவரை நாங்கள் மனிதராகவே மதிப்பதில்லை. 'நோலன் பிரபுவுக்கு நன்றி தெரியாது போல' என்று ஒரு கிராம உத்தியோகத்தர் என் வகுப்பில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல.

திருக்குறளின் அதிகார வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பன்னிரண்டாவது நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை என்று பரிமேலழகர் தமது உரையில் காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையக்கூடும். அந்த இடத்திலும் சிதையக் கூடாது என்பதற்காகவே இது அதன் பின்னால் வைக்கப்பட்டது என்பது அவர் சொல்லும் கருத்து. லண்டனில் குழு கூடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ் உரையாசிரியர் சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார். பகைவனிடத்தில் நடுவுநிலைமை சிதைவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நன்றியினால் சிதைவதைச் சிதைபவரே காண்பதில்லை. அவருக்கு அது நல்ல குணமாகவே தெரியும். தமிழ் பாடத்தில் அந்த இரண்டு அதிகாரங்களையும் நாங்கள் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்தோம்.

சரி, இதை உத்தியோகத்தர்களுக்கு எப்படிப் படிப்பிக்கிறார்கள்? நியமனம் கிடைத்ததும் சத்தியப்பிரமாணம். பிறகு தாபன விதிக்கோவை. அதன் இரண்டாம் தொகுதியின் 47ஆம் அத்தியாயம் ஒழுக்கத்தைப் பற்றியது; பரிசு வாங்குவது, வெளியில் தொழில் செய்வது எல்லாம் அங்கே வருகிறது. வினைத்திறன்காண் தடைப் பரீட்சைக்காக அதையும் நிதிப் பிரமாணங்களையும் படிக்க வேண்டும். படித்துச் சித்தியடைந்தால் சம்பள ஏற்றம். ஒவ்வொரு வருடமும் தை மாதத்தின் முதல் வேலை நாளில் கச்சேரியிலும் காரியாலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் கொடியேற்றி, வரிசையாக நின்று அரச சேவை உறுதிமொழியைச் சொல்கிறோம். பிறகு பாற்சோறும் கேக்கும் சாப்பிடுகிறோம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு, சொத்துகள் பொறுப்புகள் பற்றிய பிரகடனத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் அந்தப் படிவத்தில் 'பொறுப்புகள்' என்ற பகுதியில் வங்கிக் கடன் வரும், வாகனக் கடன் வரும். எனக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த சிநேகிதிக்கு நான் பட்ட கடன் எந்த நிரலிலும் வராது.

உறுதிமொழி சொல்வதால் ஆள் மாறுவாரா? அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் குருமார்களுக்கான இறையியல் கல்லூரியில் ஒரு பரிசோதனை செய்து 1973இல் வெளியிட்டார்கள். நாற்பது மாணவர்கள். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனின் கதை. மற்றவர்களுக்கு வேறு தலைப்பு. போகிற வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு முனகிக்கொண்டு கிடந்தார். அவர் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நின்று பார்த்தவர்கள் யார்? நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம். பிந்திவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவரே விழுந்து கிடந்தவரைத் தாண்டிப் போயிருக்கிறார்.

நெருக்கடியான வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இது புதினம் இல்லை. கெட்ட மனிதர் ஆகாமலே கெட்ட காரியம் செய்யலாம். அவசரமும் பழக்கமும் போதும். ஆகவே பயிற்சியில் குணத்தைத் திருத்த முயல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த நிமிடத்தில் நிற்க வேண்டும், நின்று எதை எழுத வேண்டும் என்று கைக்குப் பழக்குவதில்தான் நம்பிக்கை. சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவுவதற்கு யாரும் எங்களுக்குத் தூய்மையின் பெருமையைப் போதித்ததில்லை. குழாயை எங்கே வைத்தார்கள், எத்தனை நிமிடம், யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதுதான் பழக்கியது.

நான் வகுப்பில் பயன்படுத்தும் ஒரு கதையை உங்களுக்குச் சொல்கிறேன். கற்பனைக் கதைதான். ஆனால் அதில் வரும் எதுவும் நடக்காததல்ல.

ஒரு மாவட்ட வைத்தியசாலைக்கு ஆறு நோயாளர் மொனிட்டர்கள் வாங்க வேண்டும். விலைமனுக்களைப் பரிசீலிக்கத் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு அமைகிறது. மயக்க மருந்து வைத்திய நிபுணர் ஒருவர், உயிர்மருத்துவப் பொறியியலாளர் ஒருவர், கணக்காளர் ஒருவர். வைத்திய நிபுணர் ஒரு பெண். ஐந்து கம்பனிகள் விலைமனு கொடுத்திருக்கின்றன. அதில் ஒன்றின் கிழக்கு மாகாணப் பிரதிநிதி அவவுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்த சிநேகிதி. யாரும் எதுவும் வாங்கவில்லை, கொடுக்கவில்லை. அவ அந்தக் குழுவில் இருக்கலாமா?

இருபத்தைந்து பேரையும் ஐந்து குழுக்களாகப் பிரித்து இதைக் கொடுப்பேன். முதல் விடை எப்போதும் ஒன்றே. 'அவ நேர்மையான ஆள், காசு வாங்கேல்ல, இருக்கலாம்.' பிறகு நான் கதையில் ஒவ்வொரு சொட்டாகச் சேர்ப்பேன். போன வருடம் அவவின் அம்மா கொழும்பில் வைத்தியசாலையில் இருந்தபோது அந்தச் சிநேகிதிதான் பத்து நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தா. இப்போது குழுக்களில் சலசலப்புத் தொடங்கும். இன்னொரு சொட்டு: அவ மாநாட்டுக்குப் போன விமானச் சீட்டை அந்தக் கம்பனி கொடுத்தது. இதில் எல்லோரும் கூடாது என்பார்கள். ஆனால் நான் கேட்பேன், பத்து நாள் சாப்பாட்டையும் விமானச் சீட்டையும் தராசில் வைத்தால் எது அவவை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது? விமானச் சீட்டைக் காசு கொடுத்துத் தீர்க்கலாம். மற்றதைத் தீர்க்க முடியாது. கூட்டத்தில் அந்த நேரத்தில் வரும் மௌனம்தான் எனது பாடம். மிச்சமெல்லாம் விதிமுறை.

விதிமுறை இதுதான். குழு உறுப்பினர்கள் தமக்கு இதில் நலன் எதுவும் இல்லை என்று பிரகடனத்தில் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாளை எல்லோரும் வாசிக்காமலே கையொப்பமிடுவார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். விலைமனுக்கள் திறக்கப்படுவதற்கு முன்பே, 'இன்ன நிறுவனத்தின் பிரதிநிதி எனது நெருங்கிய சிநேகிதி' என்று ஒரு வரியைப் பெறுகைக் குழுவின் தலைவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். திறந்த பிறகு, சிநேகிதியின் விலை இரண்டாவதாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எழுதினால், அதுவே ஒரு தந்திரமாகத் தெரியும். எழுதியதைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். தலைவர் வேறொருவரை நியமிக்கலாம். மாவட்டத்தில் வேறு மயக்க மருந்து நிபுணர் இல்லையென்றால்? இங்கே அது அடிக்கடி நடக்கிறது. அப்போது அயல் மாவட்டத்தில் இருந்து ஒருவரிடம் புள்ளியிடும் வேலையைக் கொடுத்து, இவ மருத்துவத் தேவை என்ன என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த எழுதிக் கொடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் விலைமனு திறக்கும் நாளைத்தான் காவல் காக்கிறார்கள். களவு அதற்கு எத்தனையோ மாதம் முன்பே, விவரக்குறிப்பு எழுதும்போதே நடந்து முடிந்திருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளிக்கு என்ன தேவை என்று எழுதாமல், திரை இத்தனை தசம் இத்தனை அங்குலம், எடை இத்தனை தசம் இத்தனை கிலோ என்று எழுதியிருந்தால் சந்தேகிக்கலாம். ஒரு கம்பனியின் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிக்கு வரி பொருந்தினால், ஐந்து பேர் விலைமனு கொடுத்தாலும் ஒருவர்தான் தேறுவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தில் அண்ணன் மகனின் உயரத்தை அப்படியே எழுதியது போல.

கடைசியாக ஒரு சொட்டு வைத்திருப்பேன். சிநேகிதியின் கம்பனிப் பொருள்தான் உண்மையிலேயே சிறந்தது, விலையும் நியாயம். அப்போது? 'வேண்டாம், பழி வரும், மற்றதை எடுப்போம்' என்று ஒரு குழு நிச்சயம் சொல்லும். அதுவும் பிழை. தன்னுடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக நோயாளிக்குக் குறைந்த பொருளை வாங்குவது தன்னலம்தான், கொஞ்சம் மினுக்கிய தன்னலம். தகுதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற மூன்றாவது சொல், பக்கச்சார்பின்மை, இங்கே அவவைத் தடுக்கிறது. அவ முன்கூட்டியே எழுதி விலகியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வேறொருவர் புள்ளியிட்டுச் சிறந்ததை எடுத்திருப்பார், சிநேகிதியும் தலை நிமிர்ந்து பொருளை விற்றிருப்பா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாளைக்கு யாராவது கோவையைக் கேட்டாலும், அந்த ஒரு வரிக் கடிதம் அதற்குள் இருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. திருகோணமலை போன்ற சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். சொந்தம் இல்லையென்றால் அயல். அதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூடம். தெரிந்தவர்களின் கோவைகளை எல்லாம் விலக்கினால் பிரதேச செயலகத்தில் ஒரு கோவையும் அசையாது. ஆகவே தெரிந்தவர் என்பதற்காக விலக வேண்டாம். 'இவர் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழுமா?' என்பதுதான் அளவுகோல். எழாது என்றால் விலகு. எழும் என்றால் எழுதிவிட்டு இரு. இதற்கு மேல் துல்லியமான அளவுகோல் என்னிடம் இல்லை. பிரித்தானியக் குழுவிடமும் இல்லை.

இனி எங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். நூறு வருடமாகக் கட்டி வளர்த்த இந்தச் சங்கம் ஒரு பெரிய பலம். கச்சேரியில் ஒருவர், கல்வித் திணைக்களத்தில் ஒருவர், துறைமுகத்தில் ஒருவர், வங்கியில் ஒருவர், வைத்தியசாலையில் என்னைப் போலச் சிலர். ரொறன்ரோவில் இருந்து ஒரு அழைப்பு எடுத்தால் போதும். 'உன்ர வகுப்புப் பிள்ளைதானே அங்க இருக்கிறா, ஒரு சொல்லுச் சொல்லன்.' எனக்கும் வருகிறது. 'மாமிக்குக் கிளினிக்கில முன் இலக்கம் ஒண்டு எடுத்துத் தா.'

கேட்பவர் கெட்டவர் அல்ல. மாமிக்கு முழங்கால் வலி உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிளினிக்கில் அறுபது இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். பத்து முன் இலக்கங்கள் தொலைபேசியில் போய்விட்டால், விடியக்காலை முதல் பஸ்ஸில் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்து வரிசையில் பதினோராவதாக நின்றவருக்கு இருபத்தோராவது இலக்கம். எங்கள் மாமி வீடு போய் மதியம் தூங்கும்போது அந்தப் பெண் மருந்துச்சாலை வாசலில் நிற்பார். பின்னேர பஸ் போய்விடும். அவருக்குத் தொலைபேசி எடுக்க ஒரு சங்கமும் இல்லை.

சங்கம் இல்லாதவர் காரியாலயத்தில் என்ன கொடுத்து அலுவல் பார்க்கிறார் என்பதை நாங்கள் நினைப்பதில்லை. காசு இருந்தால் காசு. காசும் இல்லாத பெண்ணிடம் சில மேசைகளுக்குப் பின்னால் இருந்து கேட்கப்படுவது வேறு. யுத்தத்தில் புருசனை இழந்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் எங்கள் மாகாணத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கடிதத்துக்கு, ஒரு காணித் துண்டின் சிபாரிசுக்கு, உடலைக் கேட்பதும் இலஞ்சமே என்பதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் இலஞ்சம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவில் முறையிடலாம். ஆனால் முறையிடுவதற்கு முதல் அது இலஞ்சம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் தான் அல்ல என்றும் தெரிய வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இந்தப் பகுதிக்கு வரும்போது ஆண்கள் சன்னலைப் பார்ப்பார்கள். நான் அவசரப்படாமல் அந்தப் படத்தைத் திரையில் அப்படியே விட்டு வைப்பேன்.

தொலைபேசி அழைப்பையும் மேசைக்குப் பின்னால் நடப்பதையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. வரிசை என்ற ஒன்று வேலை செய்யாதபோதுதான் இரண்டும் நடக்கின்றன. தெரிந்தவருக்கு வழி திறக்கும் காரியாலயத்தில், தெரியாதவருக்கு வழிக்கு விலை வைக்கப்படும்.

அப்படியானால் சிநேகிதியிடம் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். கிளினிக் எந்த நாள், என்ன கடிதம் கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்கு இலக்கம் கொடுக்கிறார்கள், மறுத்தால் யாருக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று ஆயிரம் கேட்கலாம். நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை இலேசானது. நான் சிநேகிதிக்குச் சொல்லும் பதிலை அப்படியே வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் எழுதிப் போடலாமா? போடலாம் என்றால் அது தகவல். போட முடியாது என்றால் அது சலுகை. உங்களில் காரியாலயங்களில் இருப்பவர்கள், அடிக்கடி தொலைபேசியில் சொல்லும் பதில்களை உண்மையிலேயே பலகையில் எழுதிப் போட்டுப் பாருங்கள். அழைப்புகள் பாதியாகக் குறையும். வரிசையில் நிற்பவருக்கும் அதே விடை கிடைக்கும்.

எனக்கு அழைப்பு எடுப்பவர்களிடம் நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். 'ஆர் எண்டு சொல்லாதேங்கோ, என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ.' ஒரு நாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி எடுத்தாள். தன் சித்திக்கு இலக்கம் வேண்டும் என்றாள். என்ன செய்கிறது என்றேன். இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, படுக்க முடியாமல் கதிரையில் இருந்தே நித்திரை கொள்கிறா என்றாள். கிளினிக் இலக்கம் தேவையில்லை, இப்பவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோ என்றேன். யாருடைய சித்தியாக இருந்தாலும் அந்த விடைதான். சித்தி சுகமாகி வீடு போனா. அடுத்த கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நான் அதைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. இப்போது இரண்டாம் வரிசையில் இருந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். மாம்பழக் காலம் முடிந்துவிட்டது. விழா முடிந்து அவள் காசில் ஒரு பிளேன்ரீ குடிக்க நான் தயார், ஏனென்றால் சித்தியின் கிளினிக் வேறு வைத்தியரிடம் மாறிவிட்டது.